நீண்ட வாசிப்புப் பட்டியலை நான்கு பேர் பிரித்துப் படிப்பது எப்படி? மணிக்கணக்கில் ஒரு திட்டம்

வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சேர்ந்திருக்கிறீர்களா? ஒரு தாளுக்கான வாசிப்புப் பட்டியலைப் பேராசிரியர் டிரைவில் ஏற்றிவிட்டு லிங்க்கை அனுப்பியிருப்பார். திறந்து பார்த்தால் முப்பதுக்கும் மேல் ஃபைல்கள் இருக்கும். "நாலு பேர் இருக்கோம், ஆளுக்கு எட்டு எடுத்துக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள், எல்லோரும் சரி என்பார்கள். மூன்றாவது வாரத்தில் ஒருவர் பின்தங்குவார், நாலாவது வாரத்தில் குரூப்பில் பேச்சே நின்றுபோகும். இந்தக் கட்டுரை அதைத் தவிர்ப்பதற்காக.

எங்கள் தாள் பொது நிர்வாகத்தில் மத்திய, மாநில உறவுகள். குழுவில் நான்கு பேர். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கி, போட்டித் தேர்வுக்கும் சேர்த்துப் படிக்கும் தம்பி ஒருவர். தரமணியில் இரவு ஷிப்ட் பார்ப்பவர் ஒருவர். அம்பத்தூரில் இரண்டு சின்னக் குழந்தைகளோடு இருக்கும் அக்கா ஒருவர். அப்புறம் நான். தாம்பரத்திலிருந்து கோட்டை வரை தினமும் ரயிலில் போய்வரும் வங்கி ஊழியன். எங்கள் கணக்கையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். உங்கள் தாள் வேறாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள்

பிரிப்பதற்கு முன்பே முழு ஃபோல்டரையும் டவுன்லோட் செய்துவிடுங்கள். டிரைவ் லிங்க் நம்முடையது அல்ல. பருவம் முடிவதற்குள் அனுமதி மாறலாம், ஃபோல்டரையே ஒழுங்குபடுத்தி வேறு இடத்துக்கு மாற்றலாம். நால்வரில் ஒருவருடைய டிரைவில் தனி நகல் வைத்து, மற்ற மூவருக்கும் அனுமதி கொடுங்கள். படிப்புக்காகக் கொடுத்த நகல்கள் என்பதால் குழுவுக்கு வெளியே பகிர வேண்டாம்.

அடுத்து ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்க்க வழியில்லை. எங்கள் ஃபோல்டரில் 31 ஃபைல்கள் இருந்தன. இரண்டு வேறு பெயரில் ஏற்றப்பட்ட அதே கட்டுரைகள், ஒன்று திறக்கவே இல்லை. மிஞ்சியது 28. திறக்காததைப் பேராசிரியரிடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். தேர்வு நெருங்கும்போது கேட்டால் பதில் கிடைப்பது கடினம்.

பார்க்கும்போதே ஃபைல்களுக்கு ஒரே முறையில் பெயர் மாற்றுங்கள். எண், யாருடையது, எதைப் பற்றி, இது போதும். `scan0012.pdf` என்று இருந்தால் யார் எதைப் படித்தார் என்று ஒருவருக்கும் தெரியாது.

```
07_punchhi_vol2_governor.pdf
08_punchhi_vol3_finance.pdf
```

கவனிக்க வேண்டிய இன்னொன்று ஸ்கேன். புத்தகத்தை விரித்து வைத்து எடுத்த ஸ்கேனில் ஒரு பிடிஎஃப் பக்கத்தில் இரண்டு புத்தகப் பக்கங்கள் இருக்கும். கணினி 20 பக்கம் என்று காட்டும், படிக்க வேண்டியது 40. ஃபைல்களின் பட்டியலுக்கென ஒரு ஷீட் திறந்து, அதில் 40 என்றே எழுதுங்கள். ஃபைலுக்குள் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். கிடைக்காவிட்டால் அது வெறும் படம். டிரைவில் அதை கூகுள் டாக்ஸாகத் திறந்தால் எழுத்துகளைப் பிரித்தெடுத்துத் தரும். பக்க அமைப்பு கலைந்துபோகும், ஆனால் தேடுவதற்கு உதவும்.

2. பக்கத்தை மணியாக மாற்றுங்கள்

மொத்தத் திட்டமும் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் பக்கம் அல்ல. மத்திய, மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணைய அறிக்கையின் 20 பக்கங்களை ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடலாம். பத்திகள் எண்ணிட்டு வருகின்றன, பரிந்துரைகள் தனியாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் எட்டுப் பக்கம் நகர்வதற்குள் அதே ஒரு மணி ஓடிவிடும்.

ஆகவே ஒவ்வொரு வகையிலும் ஒரு ஃபைலை எடுத்து, நால்வரும் அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துப் படியுங்கள். எத்தனை பக்கம் வந்தது என்று எழுதிச் சராசரி எடுங்கள். எங்களுக்கு மணிக்கு இப்படி வந்தது: ஆய்வுக் கட்டுரை, நூல் அத்தியாயம் என்றால் 12 பக்கம், ஆணைய அறிக்கை 20, தீர்ப்பு 8.

28 ஃபைல்களில் ஐந்தை நாங்கள் பிரிக்கவில்லை. அதற்கான காரணம் அடுத்த படியில். மீதி 23 இவை: 16 கட்டுரைகள், அத்தியாயங்கள் சேர்ந்து 360 பக்கம், அதாவது 30 மணி. ஆணைய அறிக்கைகளின் ஐந்து பகுதிகள் 400 பக்கம், 20 மணி. இரண்டு தீர்ப்பு ஃபைல்கள் 240 பக்கம், 30 மணி. மொத்தம் 80 மணி நேரம். 23 ஃபைல்களில் வெறும் இரண்டு ஃபைல் 30 மணியை விழுங்குவதைக் கவனியுங்கள். ஃபைல் எண்ணிக்கையால் பிரிப்பவர்கள் விழும் குழி இதுதான்.

இதோடு குறிப்பு எழுதும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். ஒரு ஃபைலுக்கு 40 நிமிடம் என்று வைத்தால் 23 ஃபைலுக்கு ஏறக்குறைய 15 மணி. ஆக 95.

3. எல்லோரும் படிக்க வேண்டியதைத் தனியே எடுங்கள்

சில பகுதிகளைப் பிரிக்கவே கூடாது. அவை தெரியாமல் மற்றவர் எழுதிய குறிப்பைப் படித்தால் ஒன்றும் புரியாது. எங்கள் தாளில் அரசமைப்புச் சட்டத்தின் 245 முதல் 263 வரையிலான உறுப்புகள், வருவாய்ப் பகிர்வு பற்றிய உறுப்புகள், மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவருவது பற்றிய 356ஆவது உறுப்பு, ராஜமன்னார் குழு 1971இல் தந்த அறிக்கையின் பரிந்துரைகள் போன்றவை அந்த ஐந்து ஃபைல்களில் இருந்தன. இதற்கு ஆளுக்கு ஆறு மணி நேரம் ஒதுக்கினோம்.

இந்தப் பட்டியலை நீளவிடாதீர்கள். "இதுவும் முக்கியம்தானே" என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் பிரிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. எங்கள் விதி எளிமையானது: இந்த ஃபைலைப் படிக்காமல் குறைந்தது மூன்று வேறு ஃபைல்களைப் புரிந்துகொள்ள முடியாது என்றால் அது நால்வரும் படிக்கும் பொதுப்பட்டியலில் சேரும். இல்லையென்றால் பிரிவினைக்குப் போகும்.

4. ஓய்வு நேரத்தை எண்ணி, கால் பங்கைக் கழியுங்கள்

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தரமுடியும் என்று கேட்டால் எல்லோரும் நல்ல வாரத்தை நினைத்துத்தான் சொல்வார்கள். எங்களில் மேன்ஷன் தம்பி 12, நான் 8, தரமணி நண்பர் 8, அக்கா 4 என்று சொன்னோம். சொன்னதில் கால் பங்கைக் கழித்துவிடுங்கள். காய்ச்சல், கல்யாணம், மழைக்கு ரயில் நிற்பது எல்லாம் அந்தக் கால் பங்கில் அடங்கும். கழித்த பிறகு 9, 6, 6, 3.

எங்களுக்கு இருந்தது ஐந்து வாசிப்பு வாரங்கள். ஆக 45, 30, 30, 15 மணி. ஒவ்வொருவரிடமிருந்தும் பொதுப்பட்டியலுக்கான ஆறு மணியைக் கழித்தால் 39, 24, 24, 9. கூட்டினால் 96.

இந்தக் கழித்தலை மறக்கவே கூடாது. பொதுப்பட்டியல் எல்லோருக்கும் ஒரே அளவு என்பதால் நேரம் குறைந்தவரை அதுதான் அதிகம் அழுத்தும். அக்காவின் 15 மணியில் ஆறு மணி அதற்கே போய்விடுகிறது. ஆளுக்குக் கால்வாசி என்று பிரித்திருந்தால் அவர் தலையில் ஏறக்குறைய 24 மணி வேலை விழுந்திருக்கும், கையில் இருப்பதோ ஒன்பது.

நேரத்தின் அளவைப் போலவே அதன் வடிவமும் முக்கியம். என் எட்டு மணியில் பாதி ரயிலில். காலையில் தாம்பரத்தில் ஏறுவதால் உட்கார இடம் கிடைக்கும், ஆனால் குறிப்பெடுக்க முடியாது. அதனால் ரயிலில் கழியும் ஒரு மணியை அரை மணியாகவே எழுதினேன், குறையும் நேரத்தை வங்கிக்கு விடுமுறையான இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் ஈடுகட்டினேன். தரமணி நண்பருக்குத் தினமும் மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம். அக்காவுக்குக் குழந்தைகள் தூங்கிய பின் அரை அரை மணியாக. மேன்ஷன் தம்பிக்கு மட்டுமே தொடர்ந்து மூன்று மணி நேரம் உட்கார முடியும். ஷீட்டில் இதற்கென ஒரு பத்தி வையுங்கள்: "ஒரே அமர்வில் எவ்வளவு?"

5. போதவில்லை என்றால் இப்போதே வெட்டுங்கள்

தேவை 95 மணி, கையிருப்பு 96. பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் ஒரு மணி இடைவெளி என்பது இடைவெளியே இல்லை. தொடங்கும் முன்பே எதையாவது குறைத்தாக வேண்டும். எதைக் குறைப்பது என்பதை நால்வரும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் ஐந்தாவது வாரத்தில் ஒவ்வொருவரும் சொல்லாமல் கொள்ளாமல் எதையோ விட்டுவிடுவார்கள்.

அதிக மணி எங்கே இருக்கிறதோ அங்கே பாருங்கள். எங்களுக்கு அது 356ஆவது உறுப்பு பற்றிய எஸ்.ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்பு. 1994இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தந்தது. அதில் ஒரே தீர்ப்புரை இல்லை, தனித்தனியாக ஆறு உரைகள். நீதிபதி சாவந்த் தமக்கும் குல்தீப் சிங்குக்குமாக எழுதியது ஒன்று, நீதிபதி ஜீவன் ரெட்டி தமக்கும் அகர்வாலுக்குமாக எழுதியது ஒன்று. நீதிபதி பாண்டியன் ஜீவன் ரெட்டியோடு உடன்பட்டார். பெரும்பான்மை இந்த ஐவரிடமிருந்துதான் உருவாகிறது. எனவே அந்த இரண்டு நீண்ட உரைகளையும் முழுதாகப் படிப்பது, மற்றவற்றில் முடிவுரைகளை மட்டும் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். பத்து மணி நேரம் மிச்சமானது. தேவை 85ஆக இறங்கியது.

சர்க்காரியா அறிக்கையிலும் இப்படிச் செய்யலாம். ஆளுநர் பற்றிய அத்தியாயம், நெருக்கடிநிலை அத்தியாயம் என்று பொருள்வாரியாகப் பிரிந்திருப்பதால் தாளுக்குத் தேவையானதை மட்டும் எடுக்கலாம். கட்டுரைகளில் மட்டும் பத்திகளைத் தாண்ட வேண்டாம். அங்கே வாதம் ஒரே கோர்வையாகப் போகும்.

6. இப்போது பிரியுங்கள், பொருளைச் சிதைக்காமல்

ஷீட்டில் பெயர்களை A பத்தியிலும் மிஞ்சிய மணிகளை B பத்தியிலும் வைத்து, C2இல் இதை எழுதிக் கீழே இழுத்தால் ஒவ்வொருவர் பங்கும் வந்துவிடும்.

```
=ROUND(B2/SUM(B$2:B$5)*85, 0)
```

எங்களுக்கு 35, 21, 21, 8 என்று வந்தது. இது இலக்குதான். ஒன்றிரண்டு மணி கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை, ஆனால் ஒரே பொருளைச் சேர்ந்தவை ஒருவரிடமே இருக்க வேண்டும். ஆளுநர் பற்றிச் சர்க்காரியா சொன்னதை ஒருவரும் 2010இல் வந்த பூஞ்சி ஆணைய அறிக்கை சொன்னதை இன்னொருவரும் படித்தால், இரண்டையும் ஒப்பிட்டு எழுத ஆள் இருக்காது. தேர்வில் வருவதோ அந்த ஒப்பீடுதான்.

கடைசியில் பிரிந்தது இப்படி. மேன்ஷன் தம்பிக்கு இரண்டு தீர்ப்பு ஃபைல்கள், ஆளுநரும் நெருக்கடிநிலையும் பற்றிய இரண்டு அறிக்கைப் பகுதிகள், அதே பொருளில் இரண்டு கட்டுரைகள். எனக்கு நிதி உறவுகள்: இரண்டு அறிக்கைப் பகுதிகள், நிதி ஆணையமும் ஜிஎஸ்டி மன்றமும் பற்றிய ஐந்து கட்டுரைகள். தரமணி நண்பருக்குச் சட்டமியற்றும் அதிகாரப் பகிர்வு: ஓர் அறிக்கைப் பகுதி, ஆறு கட்டுரைகள். ஒரு கட்டுரையைப் படிக்க ஏறக்குறைய இரண்டு மணி என்பதால் இரண்டு மதியத்தில் ஒன்று முடியும். அக்காவுக்கு மாநில சுயாட்சிக் கோரிக்கை பற்றிய மூன்று கட்டுரைகள், தலைப்புகளால் சிறு சிறு பகுதிகளாகப் பிரிந்தவையாகத் தேர்ந்தெடுத்தோம். அரை மணியில் ஒரு பகுதி முடிந்து நிறுத்த வசதியாக இருக்கும்.

ஃபைல் எண்ணிக்கை 6, 7, 7, 3. அதிக நேரம் உள்ளவருக்கு எங்கள் இருவரையும்விடக் குறைவான ஃபைல். ஷீட்டில் மணிப் பத்தி இல்லையென்றால் இது அநியாயமாகத் தெரியும், முதல் வாரத்திலேயே பேச்சு வரும். மணிக்கணக்கை எல்லோர் கண்ணிலும் படுமாறு வையுங்கள்.

7. குறிப்பு ஒரு பக்கம், ஆனால் இவை இருக்க வேண்டும்

மற்ற மூவரும் அந்த ஃபைலைப் படிக்கப்போவதில்லை. உங்கள் குறிப்புதான் அவர்களுக்கு அந்த ஃபைல். மையக் கருத்து மூன்று நான்கு வாக்கியங்களில், ஒவ்வொன்றுக்கும் பக்க எண். அப்படியே எடுத்தாளத்தக்க ஒரு வாக்கியம். பட்டியலில் வேறு எந்த ஃபைலோடு இது உடன்படுகிறது அல்லது மோதுகிறது. எனக்குப் புரியாதது. இவ்வளவு போதும்.

தம்பி பொம்மை வழக்குக்கு எழுதிய குறிப்பின் ஒரு பகுதி இது:

"356இன் கீழான பிரகடனம் நீதிமன்ற மறுஆய்வுக்கு உட்பட்டது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தரும்வரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது, முடக்கி மட்டும் வைக்கலாம். பெரும்பான்மை இருக்கிறதா என்பதை அவையில்தான் சோதிக்க வேண்டும், ஆளுநரின் சொந்தக் கணிப்பு போதாது. இவை எந்த நீதிபதியின் உரையில், எந்தப் பத்தியில் என்று பக்கத்தில் குறித்திருக்கிறேன். சர்க்காரியாவின் நெருக்கடிநிலை அத்தியாயத்தோடு சேர்த்துப் படிக்கவும்."

தீர்ப்புகளில் ஒரு பொறி உண்டு. ஒரே தீர்ப்பு வெவ்வேறு தொகுப்புகளில் அச்சாகும்போது பக்க எண் மாறும், பத்தி எண்ணும் மாறலாம். ஒருவர் எஸ்.சி.சி. தொகுப்பிலிருந்தும் மற்றவர் இணையத்தில் எடுத்த பிரதியிலிருந்தும் எண் கொடுத்தால் குழப்பம்தான். நால்வரும் ஃபோல்டரில் உள்ள அதே பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் ஏற்றப்பட்ட தேதியையும் பாருங்கள். எங்களுடைய இரண்டாவது தீர்ப்பு ஃபைல், மசோதாக்களை ஆளுநர் நிறுத்திவைத்தது பற்றித் தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று வந்த தீர்ப்பின் ஒரு பகுதி. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் அதில் காலக்கெடு வகுக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த கருத்துரை, நீதிமன்றம் அப்படிக் காலக்கெடு விதிக்க முடியாது என்றது. முதலாவதை மட்டும் படித்துத் தேர்வில் எழுதினால் பதில் பாதியில் நிற்கும். சட்டம், நிதி போன்ற பொருள்களில் "இதற்குப் பிறகு ஏதாவது வந்ததா?" என்று குறிப்பில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

8. கெடு, சந்திப்பு, செலவு

குறிப்புகள் வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குள் ஏற வேண்டும் என்று வைத்தோம். சனி முழுதும் மற்றவர்கள் படிக்க, ஞாயிறு சந்திக்க. முடியாது என்று தெரிந்தால் புதன்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். மாற்றிக்கொடுக்கும்போது ஃபைலை முழுதாகக் கொடுங்கள். பாதி படித்ததைக் கைமாற்றினால் எடுத்துக்கொண்டவர் முதலிலிருந்து தொடங்குவார், இரண்டு பேர் நேரமும் போகும்.

சந்திப்புக்குக் கோட்டூர்புரம் எங்களுக்கு வசதி. திருவல்லிக்கேணியும் தரமணியும் அதே பறக்கும் ரயில் பாதையில் இருக்கின்றன. அம்பத்தூரிலிருந்து வருபவர் சென்ட்ரலில் இறங்கிப் பூங்கா நகர் நிலையத்தில் மாறலாம். நான் கிண்டியில் இறங்கிப் பேருந்து பிடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு, அதனால் நேரத்தை ரயில் அட்டவணையைப் பார்த்தே குறியுங்கள். அங்கே இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் படிக்கத் தனிப் பகுதி உண்டு. மற்றத் தளங்களுக்குச் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோக முடியாது. எங்கு உட்கார்ந்தாலும் குழுவாகப் பேச முடியாது. ஆகவே உள்ளே ஒரு மணி நேரம் குறிப்புகளைப் படித்துவிட்டு, வெளியே வந்து ஒன்றரை மணி நேரம் பேசினோம். எழுதியவர் தன் குறிப்பை வாசித்துக் காட்ட வேண்டாம், எல்லோரும் படித்துவிட்டுத்தானே வந்திருக்கிறார்கள். "எனக்குப் புரியாதது" என்ற வரியில் தொடங்கினால் பேச்சு நேராக விஷயத்துக்கு வந்துவிடும். அக்கா வரமுடியாத வாரங்களில் அவர் பகுதியை மட்டும் இரவு பத்து மணிக்குப் போனில் பேசினோம்.

பணச்செலவு பெரிதாக இல்லை. பொதுப்பட்டியலை மட்டும் அச்செடுத்தோம். நகல் கடையில் பக்கத்துக்கு ஒன்று, இரண்டு ரூபாய் கேட்பார்கள். இரண்டு பக்கமும் அடித்து, நான்கு பிரதியும் சேர்த்துக் கொடுத்து, விலையை முன்பே பேசிவிடுங்கள். தீர்ப்புகளை அச்செடுக்க வேண்டாம். திரையில் சொல்லைத் தேடிப் படிப்பதுதான் அவற்றுக்குச் சரிப்படும்.

9. ஆறாவது, ஏழாவது வாரங்கள்

ஐந்து வாரம் வாசிப்பு முடிந்த பின் ஆறாவது வாரத்தில் புதிதாக எதையும் ஒதுக்காதீர்கள். பின்தங்கிய ஃபைல்கள் அங்கே முடியும். எங்களில் இரண்டு கட்டுரைகள் அப்படித்தான் முடிந்தன, அவற்றில் ஒன்று நான் எடுத்தது.

ஏழாவது வாரத்தில் பொருளை மாற்றிக்கொள்ளுங்கள். நிதி உறவுகளைப் படித்தவர் ஆளுநர் பற்றி ஒரு விடை எழுத வேண்டும், குறிப்புகளை மட்டும் வைத்து. அதை அந்தப் பொருளை முழுதாகப் படித்தவர் திருத்த வேண்டும். குறிப்பில் என்ன விடுபட்டிருக்கிறது என்பது இங்கேதான் தெரியும். பூஞ்சி அறிக்கை பற்றி நான் எழுதிய விடையில் ஆளுநரைப் பதவிநீக்கும் முறை பற்றிய பரிந்துரையே இல்லை. தம்பி மூலத்தைத் திறந்து, குறிப்பில் இரண்டு வரி சேர்த்தார். இதற்கு ஆளுக்கு இரண்டு விடை போதும். அந்த வாரத்திலேயே பேராசிரியரின் ஃபோல்டரை ஒருமுறை திறந்து, புதிதாக ஏதும் ஏற்றியிருக்கிறாரா என்றும் பார்த்துவிடுங்கள். ஏற்றியிருந்தால் அந்தப் பொருள் யாரிடம் இருக்கிறதோ அவருக்கே அது போக வேண்டும், மணி பார்க்க வேண்டாம்.